வாய்க்கால் இறக்கத்தில் 5 எச்.பி. கிடைக்குமா?

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 9, இரவு 9.50

சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே எங்கள் கழனியை ஒட்டி, வெள்ளாறு ராஜன் வாய்க்காலிலிருந்து பிரியும் கிளை ஒன்று ஓடுகிறது. அதில் கல்கட்டு இறக்கம் ஒன்று இருக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே மீன் குட்டை வைத்திருக்கிறேன், அங்கே மூன்று பேஸ் லைன் கிடையாது, மழை நாளில் ஒற்றை பேஸும் போய்விடும்.

அளந்து பார்த்தேன். வாய்க்கால் அகலம் 1.4 மீட்டர், ஆழம் 35 செ.மீ. எலுமிச்சம்பழத்தைப் போட்டால் 10 மீட்டர் போக 22 விநாடி. கணக்குப் போட்டால் நொடிக்கு 223 லிட்டர் வருகிறது. கரையின் மேலிருந்து கீழே தரை வரை 1.8 மீட்டர் இறக்கம். இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் 3,900 வாட்டுக்கு மேல், அதாவது 5 எச்.பி. ஒரு எச்.பி. ஏரேட்டர் இரண்டு ஓட்டிவிட்டு மிச்சத்தில் மோட்டார் கொட்டகைக்கு விளக்கும் போடலாம் என்று நினைக்கிறேன். யாராவது போட்டிருக்கிறீர்களா? டர்பைன் எங்கே வாங்குவது?

லாஸ்பேட்டை மாடிவீடு | நவம்பர் 9, இரவு 10.15

நானும் இதைத்தான் ரொம்ப நாளாக யோசிக்கிறேன். எங்கள் மாடித் தொட்டி தரையிலிருந்து 10 மீட்டர் உயரம், ஆயிரம் லிட்டர். கீழே இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் மாட்டினால் வீட்டு விளக்கு எல்லாம் எரியும்தானே? ஆன்லைனில் 12 வோல்ட் டர்பைன் விற்கிறார்கள்.

பாகூர் வயர்மேன் | நவம்பர் 9, இரவு 10.40

வெள்ளாற்றங்கரை அண்ணே, கணக்கு சரி, எஃபிஷியன்சி மட்டும் விட்டுவிட்டீர்கள். டர்பைனுக்கு 80 சதவீதம் போடுங்கள், 3 கிலோவாட் வரும், அப்பவும் நல்ல பவர்தான். இன்னொரு யோசனை: இறக்கத்தில் பெரிய குழாயில் தண்ணீரைப் பிடித்து முடிவில் குழாயைக் குறுக்கிவிட்டால் பிரஷர் ஏறும், பவரும் ஏறும். தோட்டத்து ஹோஸில் விரல் வைத்தால் தூரமாகப் பாய்கிறதே, அந்த மாதிரி.

பழைய ஏ.இ. | நவம்பர் 10, காலை 6.20

மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் லோயர் மேட்டூர் கதவணைகளில் சில வருடம் இருந்தவன், இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வில்.

முதலில் மாடித் தொட்டி. ஆயிரம் லிட்டர், 10 மீட்டர். தொட்டி முழுக்கக் காலியானால் கிடைக்கும் மொத்த ஆற்றல் 27 வாட்-மணி. ஒரு யூனிட்டில் முப்பத்தைந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை பாருங்கள். ஒன்றுமே வீணாகாமல் எடுத்தாலும் 9 வாட் பல்பு ஒன்று மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற உங்கள் மோட்டார் இதைப்போல் இரண்டு மடங்காவது மின்சாரம் தின்றிருக்கும். நீங்களே ஏற்றிய தண்ணீரில் லாபம் கிடையாது. மழையோ ஆறோ ஏற்றித் தந்தால்தான் உண்டு.

தம்பி பாகூர், குழாய் மூடியிருக்கும்போது பிரஷர் உயரத்தைப் பொறுத்தது, விட்டத்தைப் பொறுத்தது இல்லை. குறுகிய வாயில் வேகம் கூடும், ஆனால் போகும் தண்ணீர் குறையும். உயரம் தந்ததற்கு மேல் ஒரு வாட்கூட அதிகம் வராது. வாய் சிறியதாக இருப்பது வேறு, குழாய் முழுக்கச் சிறியதாக இருப்பது வேறு. இரண்டாவது நஷ்டம்.

இனி வெள்ளாற்றங்கரைக்கு. உங்கள் அளவில் இரண்டு இடத்தில் கணக்கு உப்பியிருக்கிறது. எலுமிச்சம்பழம் காட்டுவது வாய்க்காலின் நடுவில், மேல்பரப்பில் ஓடும் வேகம். அடியிலும் ஓரத்திலும் புல்லும் சேறும் இழுப்பதால் அங்கே தண்ணீர் மெதுவாகத்தான் போகும். மண் வாய்க்காலுக்கு நான் 0.7-ஆல் பெருக்குவேன். அப்படிப் பார்த்தால் உங்கள் 223 லிட்டர் 156 ஆகிறது. அடுத்தது இறக்கம். கரைக்கும் தரைக்கும் உள்ள உயரம் எதற்கு? மேல்புறம் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும், இறக்கத்தைத் தாண்டிக் கீழே தண்ணீர் ஓடும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தெளிவான டியூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்து அளங்கள். அளந்துவிட்டு எழுதுங்கள், எஃபிஷியன்சி பற்றி அப்புறம் பேசலாம்.

பாகூர் வயர்மேன் | நவம்பர் 10, காலை 9.05

சரி சார். ஆனால் 80 சதவீதம் தப்பு என்கிறீர்களா? எங்கள் ஐ.டி.ஐ. சார் சொன்னது அது.

பழைய ஏ.இ. | நவம்பர் 10, மதியம் 1.30

தப்பு என்று எங்கே சொன்னேன்? பெரிய டர்பைனுக்கு 80 என்பது குறைவுதான், 90-ஐத் தாண்டும். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்ற நான்கு கதவணைகளிலும் குறைந்த இறக்கத்துக்கான பல்ப் டர்பைன்கள், ஒவ்வொரு இடத்திலும் 15 மெகாவாட்டில் இரண்டு. இறக்கம் குறைவு என்பதால் முழுக் காவிரியையும் விட்டுத்தான் அந்த மெகாவாட் வருகிறது. அங்கே இறக்கையின் கோணத்தைத் தண்ணீருக்குத் தக்கபடி திருப்பலாம். நம் கைக்கு வரும் சின்ன புரொப்பல்லர் டர்பைனில் இறக்கை வார்த்து ஒட்டியது, திரும்பாது.

கொல்லிமலை மருமகன் | நவம்பர் 10, இரவு 8.45

நான் கடலூர்க்காரன், பெண் எடுத்தது கொல்லிமலையில். மாமனார் தோட்டத்து ஓடையில் பெல்டன் சக்கரம் ஓடுகிறது. தண்ணீர் நொடிக்கு 4 லிட்டர்தான், ஆனால் 32 மீட்டர் இறக்கம். 600 வாட்டுக்குச் சற்று மேலே வருகிறது. உங்களுக்கு 156 லிட்டர் இருந்தும் தவிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

குறுகிய குழாய் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். மாமனார் முதலில் 50 மி.மீ. குழாயைத்தான் 120 மீட்டருக்குப் போட்டார், மலிவு என்று. வால்வை மூடினால் கேஜ் 3-க்கு மேலே நிற்கும், எல்லோருக்கும் சந்தோஷம். திறந்து சக்கரம் ஓடத் தொடங்கியதும் 2-க்கும் கீழே இறங்கிவிடும். குழாய்க்குள் உராய்விலேயே பாதி போய்விட்டது. 90 மி.மீ. மாற்றிய பிறகு ஓடும்போதும் முள் அசைவதே தெரியாது. மூடியிருக்கும்போது பார்க்கும் பிரஷரை நம்பவே கூடாது.

லாஸ்பேட்டை மாடிவீடு | நவம்பர் 10, இரவு 9.10

அப்போ என் மாடியில் 32 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டினால்?

கொல்லிமலை மருமகன் | நவம்பர் 10, இரவு 9.12

தண்ணீரை யார் தூக்குவது, மாமனாரா?

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 13, மாலை 5.30

டியூப் மட்டம் வைத்து அளந்தாயிற்று. தண்ணீர் மட்டத்திலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு 1.2 மீட்டர்தான் இருக்கிறது. 156-ஐயும் 1.2-ஐயும் வைத்துப் போட்டால் 1,836 வாட். பாதிக்குப் பாதி போய்விட்டதே ஏ.இ. சார். இதிலிருந்து இன்னும் எவ்வளவு கழிப்பீர்கள்? ஆன்லைனில் ஒரு மெஷினில் 1.5 மீட்டர், 130 லிட்டர், 1 கிலோவாட் என்று லேபிள் போட்டிருக்கிறது, அதை வாங்கலாமா?

பழைய ஏ.இ. | நவம்பர் 13, இரவு 7.55

அந்த லேபிளையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 130-ஐ 1.5-ஆல் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் 1,913 வாட். தருவது ஆயிரம். விற்பவனே 52 சதவீதத்துக்கு மேல் கேட்கவில்லை, அதுவும் அவன் பட்டறையில், சுத்தமான தண்ணீரில்.

உங்கள் இடத்துக்கு வரிசையாகப் பார்ப்போம். உள்ளூரில் செய்த புரொப்பல்லர் என்றால் சக்கரம் 0.6 தரும். பெல்ட் 0.93. காந்த ஆல்டர்னேட்டர் 0.75. குட்டை வரை வயர் 0.95. ஒன்றையொன்று பெருக்கினால் ஏறக்குறைய 0.4. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பெருக்கும்போதுதான் வயிறு எரியும். அப்படிப் பார்த்தால் குட்டைக்கரையில் கைக்குக் கிடைப்பது சுமார் 730 வாட்.

```
P = 9.81 × Q × H × η
9.81 × 156 × 1.2 × 0.4 ≈ 735 W
```

ஒரு எச்.பி. ஏரேட்டர் ஓடும்போதே கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். இந்த மெஷின் அதற்கு அசையாது.

பாகூர் வயர்மேன் | நவம்பர் 13, இரவு 9.30

அதற்குத்தான் பேட்டரி இருக்கிறதே சார். 48 வோல்ட்டில் சார்ஜ் செய்து இன்வெர்ட்டர் போட்டால் ஸ்டார்டிங்கை அது பார்த்துக்கொள்ளும். பகலில் சேர்த்து ராத்திரி ஓட்டலாம். ஏரேட்டர் 24 மணி நேரமும் ஓடப்போவதில்லையே.

பழைய ஏ.இ. | நவம்பர் 13, இரவு 10.05

இது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி எங்கே இருக்கும்? வெள்ளாற்றங்கரை, இறக்கத்திலிருந்து குட்டைக்கு எவ்வளவு தூரம்?

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 13, இரவு 10.20

180 மீட்டர் இருக்கும். பேட்டரி குட்டைக் கொட்டகையில்தான். வாய்க்கால் ஓரம் வைத்தால் காலையில் இருக்காது.

பாகூர் வயர்மேன் | நவம்பர் 14, காலை 7.40

போக வர 360 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் மீட்டருக்கு 0.0074 ஓம், மொத்தம் 2.7 ஓம். 48 வோல்ட்டில் 15 ஆம்பியர் அனுப்பினால் வயரிலேயே 40 வோல்ட் விழுகிறது. ஐயோ. அப்படியானால் 230 வோல்ட்டில் அனுப்பிக் கொட்டகையில் சார்ஜர் வைக்க வேண்டும். 3 ஆம்பியர்தான் போகும், விழுவது 8 வோல்ட்டுக்குச் சற்று மேலே. ஏ.இ. சார் போட்ட 0.95 அதில் சரியாக வருகிறது. ஆனால் சார்ஜர், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றும் தங்கள் பங்குக்குத் தின்னுமே, 0.4 அங்கே 0.3-க்குப் பக்கம் வந்துவிடும்.

குறிஞ்சிப்பாடி மீன்காரி | நவம்பர் 14, காலை 11.15

தம்பிகளா, இத்தனை வாட் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே. நான் கட்லா, ரோகு வளர்க்கிறேன். பிராணவாயு குறைவது விடியற்காலையில்தான், அதுவும் முதல் நாள் மூடாக்கு போட்டிருந்தால். மீன் வாய் பிளந்து மேலே வந்துவிடும். அந்த மூன்று நாலு மணி நேரத்துக்குக் காற்று கிடைத்தால் போதும். சக்கர ஏரேட்டர் வேண்டாம், ஏர் பம்ப் வைத்து அடியில் காற்றுக்கல் போடுங்கள். என்னுடையது 200 வாட்டுக்குள் ஓடுகிறது, என் குட்டை சின்னது. உங்கள் குட்டை எவ்வளவு பெரிது, எத்தனை மீன் விட்டிருக்கிறீர்கள்?

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 14, மதியம் 2.00

அரை ஏக்கர் அக்கா. மீன் கொஞ்சம் நெருக்கமாகத்தான் விட்டிருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடி மீன்காரி | நவம்பர் 14, மதியம் 2.20

நெருக்கம் என்றால் ஏர் பம்ப் ஒன்று போதாது. இரண்டு, மூன்று வேண்டியிருக்கும். அப்பவும் உங்கள் 730-க்குள் அடங்கும், ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணினால் தொல்லையும் இல்லை.

வடலூர் ரோடு | நவம்பர் 15, இரவு 8.30

எங்கள் பக்கம் நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் பரவனாற்றில் வருடம் முழுக்க ஓடுகிறது. அங்கே போட்டால் கோடையிலும் ஓடுமே? வெள்ளாற்று வாய்க்காலை நம்பினால் தை மாதத்துக்குப் பிறகு டர்பைனில் ஓணான்தான் உட்காரும்.

பழைய ஏ.இ. | நவம்பர் 16, காலை 6.45

வருடம் முழுக்க ஓடும் என்பது சரி. இறக்கம் எங்கே? பெருமாள் ஏரி வரை பூமி தட்டையாகப் படுத்திருக்கிறது. இறக்கம் இல்லாத ஓட்டத்தில் சக்கரத்தை வைத்தால் வேகம்தான் கணக்கு. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தண்ணீருக்குள் இருப்பது மொத்தமே 60 வாட், எடுக்க முடிவது அதில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் நம் மாவட்டத்து வாய்க்காலில் யார் இரட்டிப்பார்கள்? கரை அறுந்துபோகும்.

தை மாதக் கணக்கில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். இதை மழைக்கால மெஷின் என்றுதான் நினைக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 24, காலை 10.10

மூன்று நாளாக நல்ல மழை, வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது. தண்ணீர் கூடியிருக்கிறது, பவரும் கூடும் என்று சந்தோஷமாகப் போய் மட்டம் பிடித்தால், கீழ்ப்புறம் தண்ணீர் எழும்பி நிற்கிறது! இறக்கம் 70 செ.மீ.தான். கீழே வயலெல்லாம் நிரம்பி, வடிகாலும் நிரம்பித் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. தண்ணீர் எக்கச்சக்கம் என்பதால் இரண்டும் ஈடாகிவிடும்தானே?

பழைய ஏ.இ. | நவம்பர் 24, மதியம் 12.40

ஈடாகாது. நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்களே பார்த்தது நல்லதாயிற்று.

டர்பைன் வழியாக எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை வாய்க்கால் தீர்மானிப்பதில்லை. இறக்கம்தான் தீர்மானிக்கும். இறக்கம் குறைந்தால் தள்ளும் விசை குறைகிறது, அதே இறக்கைக்குள் போகும் தண்ணீரும் வர்க்கமூலக் கணக்கில் குறையும். 1.2 மீட்டரில் 156 லிட்டர் விழுங்கிய சக்கரம் 0.7 மீட்டரில் 119 லிட்டர்தான் விழுங்கும். மீதி வெள்ளம் பக்கவாட்டில் வழிந்து போகும். இரண்டு நஷ்டமும் சேர்ந்தால் 735 வாட் 327-க்கு இறங்கிவிடுகிறது. அதுவும் எஃபிஷியன்சி அதே 0.4 என்று வைத்துக்கொண்டால். வேகமும் குறையும் என்பதால் ஆல்டர்னேட்டர் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும், உண்மையில் இன்னும் குறைவாகத்தான் வரும்.

கதவணைகளிலும் இதே கதைதான். பெருவெள்ளத்தில் கதவை எல்லாம் தூக்கிவிட்டால் மேலும் கீழும் ஒரே மட்டமாகிவிடும், காவிரி முழுக்கத் தண்ணீர், மெஷின் நிற்கும். உங்களுக்கு மின்சாரம் தேவைப்படுவது எப்போது? மூடாக்கும் மழையுமாக, லைன் போன ராத்திரியில். இறக்கம் சாவதும் அதே ராத்திரியில்தான்.

குறிஞ்சிப்பாடி மீன்காரி | நவம்பர் 24, மதியம் 3.05

300 வாட் என்றாலும் ஒரு ஏர் பம்ப் ஓடுமே சார். ஒன்றுமே இல்லாததற்கு அது பரவாயில்லை.

பழைய ஏ.இ. | நவம்பர் 24, மாலை 6.15

ஓடும், சல்லடை அடைக்காமல் இருந்தால். புது வெள்ளத்தில்தான் ஆகாயத்தாமரை, வைக்கோல், பிளாஸ்டிக் பை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். கம்பிச் சல்லடைக்கு முன்னும் பின்னும் ஒரு அளவுகோல் நட்டு வையுங்கள். இரண்டுக்கும் 15 செ.மீ. வித்தியாசம் வந்தால் மெஷின் சும்மா முனகுவது ஏன் என்று அதிலேயே தெரிந்துவிடும். 32 மீட்டர் இறக்கத்துக்காரருக்கு 15 செ.மீ. ஒரு தூசி. 70 செ.மீ.யில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நடு ராத்திரியில் மழையில் இறங்கி வாரிப் போட ஆள் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

கடைமடை | நவம்பர் 26, இரவு 9.40

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் பலகை போட்டு மேல்புறம் மட்டத்தைத் தூக்கி இறக்கத்தை அதிகமாக்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள், அதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். மேல்மடையில் பத்து செ.மீ. தூக்கினால் பக்கத்துக் கண்ணியில் தண்ணீர் பாய்ந்துவிடும், எங்களுக்கு வருவது குறையும். கடைமடைக்காரன் நடவு நேரத்தில் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் நீர்வளத்துறையுடையது. அனுமதி இல்லாமல் அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

பாகூர் வயர்மேன் | நவம்பர் 26, இரவு 10.00

அண்ணே நான் அதைத்தான் டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 27, காலை 7.20

கடைமடை அண்ணன் சொல்வது நியாயம், நானும் அந்தச் சண்டையை எல்லாம் பார்த்தவன்தான். பலகை போடப் போவதில்லை. டர்பைன் தண்ணீரைக் குடிக்காது அண்ணே, எடுத்த இடத்துக்குக் கீழேயே விட்டுவிடும்.

கடைமடை | நவம்பர் 27, காலை 8.00

குடிக்காது, தெரியும். சல்லடை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்?

பழைய ஏ.இ. | நவம்பர் 27, காலை 9.30

அவர் கேட்பதுதான் சரியான கேள்வி. இருக்கும் இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தனியாக ஒரு சிறு வழி வெட்டி அதில் மெஷினை வைக்க வேண்டும். சல்லடை அடைத்தாலும் தண்ணீர் பழையபடி இறக்கத்தில் விழும். பணம் கூடும். இன்னொன்று: லோடு திடீரென்று விலகினால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வோல்டேஜும் கூடவே ஏறும். ஏர் பம்பு வயர் ஒன்று அறுந்தால் மிச்சமிருக்கும் பல்பு எல்லாம் போய்விடும். அதற்கு உபரியைத் தின்ன தண்ணீருக்குள் ஹீட்டர் காயில் ஒன்றும், அதைக் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலரும் வேண்டும்.

கொல்லிமலை மருமகன் | நவம்பர் 27, இரவு 8.15

எங்கள் காயில் வெந்நீர்த் தொட்டியில் இருக்கிறது. மாமியார் அதற்காகத்தான் டர்பைனையே சகித்துக்கொள்கிறார்.

குறிஞ்சிப்பாடி மீன்காரி | நவம்பர் 28, காலை 6.50

எனக்கு ராத்திரி முழுக்க ஒரு கேள்வி. 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீரே காற்றைப் பிடித்துக்கொண்டுதானே விழுகிறது? அதைக் கரண்டாக்கி, வயரில் அனுப்பி, மறுபடி காற்றாக்குவானேன்? குட்டை வாய்க்காலைவிடத் தாழ்வாக இருந்தால், நொடிக்கு ஐந்து லிட்டரைக் குழாயில் எடுத்து ஓட்டை போட்ட தகட்டு வழியாகக் குட்டையில் சிதற விடுங்கள். மறுகரையில் வழிவாய் வைத்து வாய்க்காலின் கீழ்ப்புறத்துக்கே திருப்பிவிடுங்கள்.

பழைய ஏ.இ. | நவம்பர் 28, காலை 8.10

அக்கா, இதில் 0.4 என்ற பேச்சே இல்லை. ஆனால் 180 மீட்டர் குழாயில் உராய்வு போக எவ்வளவு உயரம் மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு 110 மி.மீ. குழாய் போட்டால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உராய்விலேயே போய்விடும். 160 போட்டால் 15 செ.மீ.க்குள் முடியும். குட்டைத் தண்ணீர் மட்டம் வாய்க்கால் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது?

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 28, மாலை 6.00

90 செ.மீ. கீழே, இன்றைக்குத்தான் மட்டம் பிடித்தேன். ஆனால் மேலே எல்லோரும் நெல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நேராகக் குட்டைக்குள் விட பயமாக இருக்கிறது. விரால் குஞ்சு வேறு உள்ளே வந்துவிடும்.

குறிஞ்சிப்பாடி மீன்காரி | நவம்பர் 28, இரவு 7.30

விராலுக்குக் குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டலாம். மருந்துக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரே ராத்திரியில் குட்டை வெளுத்துவிட்டது.

பழைய ஏ.இ. | நவம்பர் 28, இரவு 8.00

அப்படியானால் மின்சாரம் வழியாகத்தான் வர வேண்டும், வாய்க்கால் தண்ணீர் குட்டையைத் தொடக்கூடாது. மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இறக்கத்துக்கு மேலும் கீழும் பெயின்ட் அடித்த கம்பு நட்டு, தினமும் காலையில் இரண்டு மட்டத்தையும் பொங்கல் வரை நோட்டில் குறியுங்கள். 70 செ.மீ.க்குக் கீழே எத்தனை நாள் போகிறது என்று தெரிந்தால், எந்த இறக்கத்துக்கு இறக்கை வெட்டுவது என்று சொல்கிறேன்.

வெள்ளாற்றங்கரை | நவம்பர் 29, காலை 7.05

கம்பு நட்டாயிற்று. இன்றைக்கு 82. கடைமடை அண்ணே, உங்கள் பக்கம் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டதா?

கடைமடை | நவம்பர் 29, காலை 7.50

இன்னும் இல்லை. முழங்கால் அளவு நிற்கிறது.